வேறுபாடு வேறு – குறைபாடு வேறு!

"தரம் இரண்டு!"

இரண்டே சொற்கள். ஓலைப்பெட்டியைத் திறந்து, ஒரு வட்டுக் கருப்பட்டியை எடுத்து, விரலால் தட்டி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து, வியாபாரி உதிர்க்கிற சொற்கள் இரண்டே இரண்டு! அந்த இரண்டு சொற்களிலே பனையேறியின் காலைப்பொழுதும், அடுப்படியிலே வெந்த அவன் மனைவியின் பகற்பொழுதும் பாதி விலைக்குப் போய்விடும்.

ஏன் இரண்டு? எது ஒன்று? கேட்டவர் இல்லை; கேட்டாலும் பதில் இல்லை. கறுத்திருந்தால், "தீய்த்துவிட்டாய் அம்மா, நிறம் பத்தாது" என்பார். அடுத்த வாரம் வெளுத்திருந்தால், "சீனி கலந்துவிட்டாயோ?" என்பார். கறுத்தாலும் குற்றம், வெளுத்தாலும் குற்றம்! விலையை யார் சொல்கிறார் என்பது பிறகு வரும் கேள்வி. தரத்தை யார் சொல்கிறார் என்பதுதான் தோழர்களே, முதற் கேள்வி. தரம் சொல்லும் வாய் எவருடையதோ, விலை சொல்லும் வாயும் அவருடையதே!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1989-இல் தருமபுரி மாவட்டத்திலே தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. குழுவின் கையிலே கைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸிலே பொருட்பட்டியல் போட்டு, படமும் விலையும் காட்டி, இராமநாதபுரத்துக் கருப்பட்டியைச் சென்னைக்கும் கோவைக்கும் நேராகவே விற்க முடிகிறது. தரம் சொல்லும் உரிமை தாய்மார்களின் கைக்கே வந்துவிட்டது.

வந்த உரிமையை வைத்து என்ன எழுதினார்கள்? "சுத்தமான, தரமான, பாரம்பரியக் கருப்பட்டி!" எல்லாக் குழுவும் இதைத்தான் எழுதுகிறது. எல்லா மாதமும் இதைத்தான் எழுதுகிறது. ஏப்ரலில் எடுத்த ஒரே படம் நவம்பர் வரை நிற்கிறது. வியாபாரியின் "தரம் இரண்டு" பொருளற்ற சொல் என்றால், நமது "தரமானது" மட்டும் பொருளுள்ள சொல்லோ? அதுவும் வெறுஞ்சொல், இதுவும் வெறுஞ்சொல்!

கருப்பட்டி ஆலையிலே வார்த்தெடுத்த சோப்புக்கட்டி அல்ல. நேற்றுக் காய்ச்சியதும் இன்று காய்ச்சியதும் ஒன்றுபோல் இராது. ஏன் இராது என்பதைப் பெண்கள் அறிவார்கள், வாங்குவோர் அறியமாட்டார்கள். ஆகவே கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

பாளையிலே கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காப்பது அந்தச் சுண்ணாம்புதான். அது குறைந்தால் பதநீர் புளிக்கத் தொடங்குகிறது; புளித்ததைக் காய்ச்சினால் வட்டு இறுகாமல் கொழகொழவென்று நிற்கும், நாக்கிலே புளிப்பும் தட்டும். சுண்ணாம்பு மிகுந்தால் நிறம் கறுக்கும், வாயிலே காரலிக்கும். பிறகு அடுப்பு. பாகு பதத்திற்கு வரும் கடைசி நேரத்திலே மட்டை எரிந்த வேகம் கொஞ்சம் கூடினால் கருகல் வாடை ஏறிவிடும். பயந்துகொண்டு முன்னதாகவே இறக்கினால் ஈரம் தங்கிவிடும். ஈரம் தங்கிய வட்டு மழைக்காலத்திலே வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும். வானம் மூடியிருந்த நாள், பருவத்தின் தொடக்கம், பருவத்தின் முடிவு என்று பதநீரின் இனிப்பே மாறுகிறது. அதனால் எத்தனை லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கும் மாறுகிறது. ஒரு சமயம் ஏழு லிட்டர், ஒரு சமயம் ஒன்பது.

இத்தனை மாற்றத்தையும் "தரமான" என்ற ஒரே போர்வையாலே மூடினால் என்ன ஆகும்? ஏப்ரல் படத்தைப் பார்த்துப் பொன்னிறத்தை எதிர்பார்த்த அம்மையார் வீட்டுக்குக் காப்பிக்கொட்டை நிறத்திலே கருப்பட்டி போய்ச் சேரும். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்பார். அவர் சொல்வதிலே தவறும் இல்லை. பொட்டலம் திரும்பி வரும். போகவர இரண்டு கூலி. அந்த நட்டம் யார் தலையிலே விழும்? அன்றைக்கு அடுப்பெரித்த பெண்ணின் தலையிலே! "நீதானே கறுக்க விட்டாய்" என்று பங்குத்தொகையிலே பிடித்துக்கொள்வார்கள். வியாபாரியிடமிருந்து தப்பி வந்தவள் சொந்தக் குழுவிடமே "தரம் இரண்டு" கேட்க நேரும். கசப்பான செய்திதான்.

இதற்கு வழி என்ன? பட்டியலை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி.

மாறாதது ஓரிடத்திலே இருக்கட்டும். மாறுவது வேறோர் இடத்திலே இருக்கட்டும். "பனங்கருப்பட்டி. சேர்ந்தவை: பதநீர், கலயத்துச் சுண்ணாம்பு. வேறொன்றும் இல்லை. கிலோ இவ்வளவு. காய்ச்சும் ஊர் இன்னது." இது பொருள் வரி, ஆண்டு முழுவதும் மாறாது. சுக்கு சேர்த்தால் அது வேறு பொருள், அதற்கு வேறு வரி. சீனி சேர்க்கிறவர்கள் சீனி என்றே எழுதட்டும். எழுத வாய் கூசினால் சேர்க்காதிருக்கட்டும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறூரிலே காய்ச்சியதை அந்தப் பெயரிலே போடுவது சட்டத்துக்கு விரோதம்.

மாறுவதற்கு வேறொரு தாள். நம் வீட்டுத் தாய்மார்கள் இட்டலி அவிக்கும்போது "ஒரு ஈடு, இரண்டு ஈடு" என்பார்களே, அந்த ஈடு! ஒரு அண்டா, ஒரே தடவை காய்ச்சி இறக்கியது ஒரு ஈடு. அதற்கு ஓர் எண். ஏப்ரல் 12-ஆம் தேதி இரண்டாவது அண்டா என்றால் "க-1204-2". காலை ஈட்டில் மிஞ்சிய நான்கு வட்டை மாலை ஈட்டோடு சேர்த்துக் கட்டக் கூடாது. சேர்த்தால் எண்ணுக்குப் பொருளே இல்லாமற் போகும். பொட்டலத்திலே அடைத்து விற்கும் உணவுப் பொருளுக்கு ஈட்டு எண், தேதி, சேர்மானம், நிகர எடை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் அச்சிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டத்துக்காக எப்படியும் எழுதப்போகும் எண்ணை நமக்காகவும் பயன்படுத்திக் கொள்வோமே!

அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதுவது? இங்கேதான் குழுவிற்குள்ளே குழப்பம் வரும். ஒருத்தி "மிதமான நிறம்" என்பாள், இன்னொருத்திக்கு அதுவே "கறுப்பு". ஒருத்தி "நல்ல இறுக்கம்" என்பாள், எதை வைத்து? ஆகவே சொற்களை முதலிலேயே உட்கார்ந்து முடிவு செய்து, முடிவு செய்த சொல்லைத் தவிர வேறு சொல் எழுதுவதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். கூகுள் தாளிலே ஒரு கட்டத்தைத் தொட்டால் குறித்துவைத்த சொற்கள் மட்டுமே இறங்கும்படி செய்ய முடியும். பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் செய்துகொடுப்பான். ஒரு மணி நேர வேலை.

நிறத்திற்குச் சொல்லே வேண்டாம், எண் போதும். பெயிண்டுக் கடையிலே நிற அட்டை கேட்டால் கொடுப்பார்கள். அதிலே தேன் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறம் வரை நான்கு கட்டங்களைக் குறித்து 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். ஒரு நல்ல வட்டையே எடுத்து வைத்து, "இதுதான் மாதிரி" என்று ஒப்பிட்டால் என்ன என்று கேட்கக்கூடும். வைத்திருக்கும் வட்டு நாளடைவிலே கறுக்கும். அளவுகோலே நீண்டால் துணியை அளப்பது எப்படி? அட்டை மாறாது. இருட்டிலே ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டால் வெளுக்கவும் செய்யாது.

இறுக்கத்திற்கு மூன்றே நிலை: கையால் அழுத்தினால் குழிவது, கையால் உடைவது, கல்லால் தட்டினால்தான் உடைவது. புளிப்பு, காரல், கருகல் ஒவ்வொன்றுக்கும் "இல்லை", "இலேசாக", "உண்டு". அவ்வளவுதான். "அருமை", "நயம்", "மிதம்" இவையெல்லாம் மேடையிலே என்னைப் போன்றவர்கள் பேசுவதற்கு இருக்கட்டும். பட்டியலிலே அவற்றுக்கு இடமில்லை!

ருசி பார்ப்பவர் யார்? காய்ச்சியவள் பார்க்கக் கூடாது. அவளுக்கு வேண்டியவளும் வேண்டாதவளும் தனியாகப் பார்க்கக் கூடாது. இருவர் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். ஒத்துவந்தால் தாளில் ஏற்றுங்கள். ஒத்துவராவிட்டால் மூன்றாமவரிடம் கொடுங்கள். தேர்தலிலே வாக்கை மூடி எழுதுகிறோமே, அதே முறைதான். முதல் மாதம் சண்டை வரும். வரட்டும்! இரண்டாவது மாதம் நாக்குகள் ஒத்துவரத் தொடங்கும்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைபேசி பொய் சொல்லும். மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்தால் நான்காம் நிறம் இரண்டாம் நிறமாய்த் தோன்றும். வெயிலிலே எடுத்தால் எல்லாமே வெளுக்கும். போதாக்குறைக்குக் கைபேசியே தன்னிச்சையாக நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே காலை நேரத்து நிழலிலே, வெள்ளைத் தட்டிலே, ஒரு முழு வட்டு, ஒரு உடைத்த வட்டு, பக்கத்திலே அந்த நிற அட்டை. மூன்றும் படத்திலே விழ வேண்டும். படம் எப்படித் திரிந்தாலும் அட்டையும் சேர்ந்தே திரியும், பார்ப்பவர் ஒப்பிட்டுக்கொள்வார்.

இப்பொழுது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதம், மூன்று நாளிலே மூன்று ஈடு. ஒவ்வொன்றுக்கும் 80 லிட்டர் பதநீர்.

முதல் ஈடு, 12-ஆம் தேதி: பத்தரைக் கிலோ. நிறம் 2. கல்லால் தட்டினால்தான் உடைகிறது. புளிப்பு, காரல், கருகல் மூன்றும் இல்லை. இரண்டாம் ஈடு, 13-ஆம் தேதி: வானம் மூடியிருந்தது, சுண்ணாம்பும் குறைந்துவிட்டது. ஒன்பது கிலோ. நிறம் 2. கையால் அழுத்தினால் குழிகிறது. புளிப்பு இலேசாக. மூன்றாம் ஈடு, 14-ஆம் தேதி: கடைசியிலே தீ ஏறிவிட்டது. பத்துக் கிலோ. நிறம் 4. கல்லால் தட்டினால்தான் உடைகிறது. கருகல் இலேசாக.

பழைய முறையிலே இந்த இருபத்தொன்பதரைக் கிலோவும் ஒரே பெட்டி, ஒரே பெயர், ஒரே படம். புதிய முறையிலே? முதல் ஈடு வீடுகளுக்குப் போகிறது. மூன்றாம் ஈட்டைக் கேட்டு வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார்: கருப்பட்டிக் காப்பிக் கடைக்காரர்! அவருக்குக் கறுத்த நிறம் வேண்டும், அந்த இலேசான கருகலும் அவர் காப்பிக்கு அழகு. சென்னை அம்மையார் திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய அதே வட்டை, குறிப்பைப் படித்துவிட்டு முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். பொருள் மாறவில்லை தோழர்களே, சொல்தான் மாறியது!

இரண்டாம் ஈடு? அதைப் பட்டியலிலே ஏற்றக் கூடாது. அது நிற்காது, தபாலிலே போகும்போதே கசியும். உள்ளூரிலே, "இறுகவில்லை, இலேசாகப் புளிப்பு, பத்து நாளிலே தீர்த்துவிடுங்கள்" என்று சொல்லி, விலை குறைத்து விற்க வேண்டும். தாளிலே மட்டும் அதன் வரி அழியாமல் நிற்க வேண்டும், எதிரே, "உள்ளூரில் விற்றது. காரணம்: கலயத்தில் சுண்ணாம்பு போதாது." அடுத்த முறை வானம் மூடும்போது அந்த வரி பேசும்.

இங்கே ஓர் உறுதியான கருத்தைச் சொல்லியாக வேண்டும். நிறம் ஒன்றிலிருந்து நான்கு வரை இருப்பது வேறுபாடு. புளிப்பும் ஈரமும் குறைபாடு. வேறுபாடு வேறு, குறைபாடு வேறு! வேறுபாட்டுக்கு விலை குறைக்காதீர்கள். "வெளுப்புக்கு ஒரு விலை, கறுப்புக்கு ஒரு விலை" என்று சில குழுக்களே எழுதுகின்றன. வெளுத்தது உயர்ந்தது, கறுத்தது தாழ்ந்தது என்ற அந்த நச்சுப் பழக்கத்தைக் கருப்பட்டியிலுமா கொண்டுவந்து நுழைப்பது? அப்படி எழுதினால் நாளைக்கு நடப்பது என்ன? விலை கூடுகிறதே என்று அண்டாவிலே ஒரு கை சீனியைப் போட்டு நிறத்தை வெளுக்கவைக்கும் ஆசைதான் வளரும். குறைபாட்டுக்கு மட்டும் விலை குறையட்டும். குறைத்த காரணமும் அச்சிலே இருக்கட்டும்.

அதேபோல், "சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம் என்று போடுங்கள், விற்பனை கூடும்" என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். போடாதீர்கள். கருப்பட்டியிலே பெரும்பகுதி சர்க்கரைதான். அந்த ஒரு பொய், மற்ற எல்லாக் குறிப்பின் மெய்யையும் தின்றுவிடும்.

பலர் கைவைக்கும் பட்டியலிலே இன்னொரு தொல்லை. ஆறு கிலோ மிச்சம் இருக்கிறது. காலையிலே ஒரு சகோதரி மதுரைக்கு நான்கு கிலோ ஒப்புக்கொள்கிறார். அதே காலையிலே இன்னொருவர் கோவைக்கு ஐந்து கிலோ ஒப்புக்கொள்கிறார். இருப்பதோ ஆறு, கொடுத்த வாக்கோ ஒன்பது! பணம் வந்தபிறகு கழிப்பதால் வரும் வினை இது. வாக்குக் கொடுக்கும் முன்பே தாளிலே "ஒதுக்கியது" என்ற கட்டத்தில் எடையையும் ஈட்டு எண்ணையும் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் "ஆகட்டும்" சொல்ல வேண்டும். குறிப்பு யாரும் எழுதலாம். இருப்பைக் கழிப்பவர் அந்த வாரத்துக்கு ஒருவரே. வலை எடுக்காத ஊரானால் அடுப்படியிலே நோட்டுப் புத்தகம், மாலையிலே தாள். நோட்டிலே இருப்பது தாளிலே ஏறாமல் அன்றிரவு எவரும் உறங்கப் போகக் கூடாது.

கேட்ட ஈடு தீர்ந்துவிட்டால் வேறு ஈட்டை எடுத்து நிரப்பி அனுப்புவதும் ஆகாது. "நீங்கள் கேட்ட நிறம் 2 தீர்ந்தது, நிறம் 3 இருக்கிறது, அனுப்பலாமா?" என்று ஒரு செய்தி. பத்துப் பேரிலே சிலர் வேண்டாம் என்பார்கள். அது நட்டமல்ல, திரும்பி வரும் பொட்டலம்தான் நட்டம். வாட்ஸ்அப் பட்டியலிலே இன்றைக்கு விற்கும் ஈட்டின் குறிப்பு மட்டும் இருக்கட்டும். பழையதை அங்கே மாற்றிக்கொள்ளலாம். கூகுள் தாளிலே மட்டும் எந்த வரியின்மேலும் எழுதாதீர்கள். புதிய ஈட்டுக்குப் புதிய வரி. ஆகஸ்டிலே ஒருவர் கேள்வி கேட்டால் ஏப்ரலின் வரி இருக்க வேண்டுமல்லவா? வரியோடு, ஒவ்வோர் ஈட்டிலும் இரண்டு வட்டு, எண் ஒட்டி, மூடிய கண்ணாடிப் புட்டியிலே இருக்க வேண்டும். "உங்கள் பொருள் வந்தபோதே கசிந்திருந்தது" என்றால் புட்டியைத் திறந்து பார்க்கலாம். நம்முடையதும் கசிந்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். கசியாதிருந்தால் வழியிலே நனைந்தது என்று சொல்லலாம். இரண்டிலும் அடுப்பெரித்தவளின் பங்கிலே கைவைக்கும் பேச்சு எழாது.

குறிப்புக்கும் வயது உண்டு. மே மாதம் "கல்லால் தட்டினால்தான் உடைகிறது" என்று எழுதியது, அக்டோபரிலே வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பொய்யாகிவிடலாம். கருப்பட்டி காற்றின் ஈரத்தைக் குடிக்கும் பொருள். நம் பாட்டிமார் அதை அடுப்புக்கு மேலே பரணிலே புகை படும்படி வைத்ததன் காரணம் அதுவே. ஆகவே தாளிலே "மறுபார்வைத் தேதி" என்று ஒரு கட்டம் வேண்டும். மழைக்கு முன்னே மாதம் ஒரு முறை, மழையிலே வாரம் ஒரு முறை. ஒரு வட்டை நிறுத்து எடை குறித்து, மற்ற இருப்பு வைத்திருக்கும் இடத்திலேயே திறந்து வையுங்கள். அடுத்த வாரம் மறுபடி நிறுங்கள். எடை ஏறியிருந்தால் ஏறியது கருப்பட்டி அல்ல, தண்ணீர்! அந்த ஈட்டின் வரியிலே குறிப்பை மாற்றாமல், கீழே தேதி போட்டுப் புதுக் குறிப்பு எழுதி, முதலிலே அதை விற்றுத் தீர்க்க வேண்டும்.

கடைசியாக, இதைப் படிக்கும் ஆண் தோழர்களுக்கு. குழுவின் தலைவி என்று பெயர் மனைவிக்கு. கைபேசி மட்டும் கணவரின் சட்டைப் பையிலே! பல ஊர்களிலே இதுதான் நடப்பு. பட்டியலுக்கு வரும் கேள்விக்கு அவர் டீக்கடையிலிருந்து பதில் சொல்வார்: "எல்லாமே முதல் தரம் சார், அனுப்பிவிடுகிறேன்!" எந்த ஈடு என்று அவருக்குத் தெரியாது; நிறம் எண் தெரியாது; ஒதுக்கிய கட்டம் தெரியாது. இருவர் மூடி எழுதிய குறிப்பு அந்த ஒரு வாக்கியத்திலே அழிந்துபோகும். பட்டியல் இருக்கும் எண் குழுவின் எண்ணாக இருக்கட்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல் தலைவிக்கும் செயலாளருக்கும் தெரிந்திருக்கட்டும்; பொறுப்பாளர் மாறும் நாளிலே கடவுச்சொல்லும் மாறட்டும். தோழர்கள் செய்வதற்கு வேலை வேறு இருக்கிறது: நாளைக் காலை மரமேறும்போது ஒவ்வொரு கலயத்திலும் சுண்ணாம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இறக்கி வரும்போது "மேகமாக இருந்தது, மூன்று கலயத்திலே நுரை" என்று அடுப்படியிலே சொன்னால் போதும். எழுதிக்கொள்வதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.